கை முகத்தில் படாத சண்டை: குறும்படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறும்படங்களிலும் சிறு பட்ஜெட் படங்களிலும் உதவி இயக்குநராக வேலை பார்க்கிறேன். சண்டைக் காட்சி என்றால் ஒத்திகையைக் கவனிப்பது பெரும்பாலும் என் பொறுப்பாக வந்துவிடும். புதிதாகப் படம் எடுப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். ஆயுதம் இல்லாமல், ஒரு அறைக்குள், இரண்டு பேர் போடும் சண்டையைத்தான் இந்தப் பக்கம் பேசுகிறது. கயிறு, கண்ணாடி, மாடியிலிருந்து குதிப்பது போன்றவை இதில் இல்லை.

"ஸ்கிரிப்ட்ல 'அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்கிறார்கள்'னு ஒரு வரி இருக்கு. மீதியை ஸ்பாட்ல பார்த்துக்கலாம்ல?"

அந்த ஒரு வரியைப் படித்ததும் அண்ணனாக நடிப்பவர் மனதில் ஒரு சண்டை ஓடும். தம்பியாக நடிப்பவர் மனதில் இன்னொன்று ஓடும். கேமராமேன் மனதில் ஓடுவது மூன்றாவது. தம்பி குனிவார் என்று நம்பி அண்ணன் கையை வீசுவார். தம்பியோ நிமிர்ந்து நின்று முறைத்துக்கொண்டிருப்பார். நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். யாரும் ஓங்கி அடித்ததால் வரவில்லை. எதிரில் இருப்பவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமல் போனதால் வந்தன.

அதனால் அந்த வரியை பீட்களாக உடைத்து எழுத வேண்டும். ஒரு பீட் என்றால் ஒருவர் செய்யும் ஓர் அசைவும், அதற்கு மற்றவர் தரும் ஒரு பதிலும். எழுதிய வாக்கியத்தில் "பிறகு" என்ற சொல் வந்துவிட்டால் அதில் இரண்டு பீட் இருக்கிறது என்று பொருள். பிரித்துவிடுங்கள்.

"ஒரு பீட் ஷீட்டை முழுசா காட்ட முடியுமா?"

இது ஒரு வீட்டுப் பத்திரத்தை வைத்து வரும் சண்டை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு வெற்றுச் சுவர். அண்ணன் பெயர் செல்வம், தம்பி குமார்.

1. குமார் மேசையிலிருக்கும் பத்திரத்தை எடுக்கிறான். செல்வம் அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறான். (தொடுதல் உண்டு.)
2. குமார் கையை உதறி இரண்டு எட்டு பின்னால் போகிறான். செல்வம் இருந்த இடத்திலேயே நிற்கிறான்.
3. செல்வம் வலது கையால் அறைகிறான். குமாரின் தலை அவனுடைய வலப்பக்கம் திரும்புகிறது. (தொடுதல் இல்லை.)
4. இருவரும் அசையவில்லை. குமார் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறான்.
5. குமார் இரண்டு கைகளாலும் செல்வத்தின் நெஞ்சைத் தள்ளுகிறான். செல்வம் பின்னால் போய்ச் சுவரில் சாய்கிறான். (தொடுதல் உண்டு, அழுத்தம் இல்லை.)
6. குமார் செல்வத்தின் கழுத்தைப் பிடிக்கிறான். செல்வம் அவன் மணிக்கட்டுகளைப் பற்றுகிறான்.
7. செல்வம் அவனைத் தள்ளிவிடுகிறான். குமார் கட்டிலுக்கு அருகே தரையில் விழுகிறான்.
8. பத்திரம் கிழிந்து கிடப்பதை இருவரும் பார்க்கிறார்கள்.

எட்டே பீட். திரையில் ஓடும்போது அரை நிமிடத்தைத் தாண்டாது. இதில் நான்காவது பீட்டைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். அண்ணன் முதன்முறையாகக் கை நீட்டிவிட்டான் என்பது இருவருக்கும் உறைக்கும் இடம் அதுதான். அது இல்லையென்றால் ஐந்தாவது பீட்டில் குமாருக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று பார்ப்பவருக்குப் புரியாது. அந்த அமைதியில் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு தங்கள் இடத்துக்கு வந்துவிடவும் முடியும். அதனால் பாதுகாப்புக்கும் அது உதவுகிறது.

எந்தக் கை, எந்தப் பக்கம், தொடுதல் உண்டா இல்லையா: இந்த மூன்றும் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். "ஆவேசமாக", "வெறியோடு" போன்ற சொற்களை இந்தத் தாளில் எழுதாதீர்கள். அவை நடிகரிடம் பேசும்போது சொல்ல வேண்டியவை. பீட் ஷீட்டில் எழுதினால் படிப்பவர் கை தானாக வேகமெடுக்கும்.

"அடிக்கிறவர் எப்ப அடிக்கணும்னு யார் முடிவு பண்றது?"

அடி வாங்குபவர். இதை மட்டும் நினைவில் வைத்தாலே போதும் என்று சொல்லும் அளவுக்கு இது முக்கியம்.

மூன்றாவது பீட்டையே எடுத்துக்கொள்வோம். செல்வம் கையைப் பின்னால் கொண்டுபோய்க் குமாரின் கண்ணைப் பார்க்கிறார். அது கேள்வி: "தயாரா?" குமார் கண்ணால் பதில் சொல்லி, தலையைத் திருப்பத் தொடங்குகிறார். அந்த அசைவைப் பார்த்த பிறகுதான் செல்வத்தின் கை முன்னால் வருகிறது. உண்மையான அடியில் முதலில் கை வரும், பிறகு தலை திரும்பும். நாம் செய்வதில் தலை ஒரு நொடித்துளி முன்னதாகவே கிளம்பிவிடுகிறது. வேகத்தில் பார்க்கும்போது அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் குமார் வேறு யோசனையில் இருந்து கண்ணால் பதில் தரவில்லை என்றால், செல்வத்தின் கை கிளம்பவே கூடாது. டேக் வீணானால் பரவாயில்லை.

"கை படவே இல்லைன்னா திரையில எப்படிப் பட்ட மாதிரி தெரியும்?"

கேமரா ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது. இரண்டு கண்ணால் பார்க்கும் நமக்குத் தெரியும் ஆழம் அதற்குத் தெரியாது. லென்ஸ், கை, முகம் மூன்றும் ஒரே கோட்டில் வந்தால், கைக்கும் முகத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அந்தக் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும்.

செல்வம் அறையும்போது அவருடைய கை குமாரின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் குறுக்கே போக வேண்டும். இந்தத் தூரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். செல்வம் கையை முழுவதும் நீட்டி, உடம்பையும் கொஞ்சம் முன்னால் சாய்க்கட்டும். அப்போதும் அவருடைய விரல் நுனிக்கும் குமாரின் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இருக்க வேண்டும். அது சரியாக வந்ததும் இருவரின் கால் விரலுக்கு முன்னால் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள்.

இனி கேமராவைக் குமாரின் பின்னால், அவருடைய தோளுக்கு மேலாக வையுங்கள். நம்மவர்கள் சஜஷன் என்று சொல்லும் ஷாட்தான். செல்வத்தின் கோபமான முகம் தெரியும், குமாரின் பின்தலை தெரியும், கை அந்தத் தலைக்கு அப்பால் மறைந்து மறுபக்கம் வெளியே வரும். இடைவெளி எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. செல்வத்தின் தோளுக்குப் பின்னாலும் வைக்கலாம். அங்கிருந்து பார்த்தால் கை குமாரின் முகத்தை மறைத்துக்கொண்டு கடக்கும். தலையும் அதே வேளையில் கை போகும் திசையிலேயே திரும்பினால், பட்டது போலத்தான் தெரியும். செல்வம் வலது கையால் அறைந்தால் அது குமாரின் இடது கன்னம். தலை குமாரின் வலப்பக்கம் போக வேண்டும். பதற்றத்தில் நடிகர்கள் இதை மாற்றிச் செய்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் எந்த எடிட்டராலும் காப்பாற்ற முடியாது.

கேமரா நிற்கக் கூடாத ஓர் இடம் உண்டு. இருவருக்கும் பக்கவாட்டில், அவர்களைச் சேர்க்கும் கோட்டுக்குச் செங்குத்தாக. அங்கிருந்து பார்த்தால் அந்த ஒரு சாண் இடைவெளி அப்படியே வெட்டவெளிச்சமாகத் தெரியும். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இதே இடத்துக்குத் திரும்பி வருவோம்.

"எந்த லென்ஸ் போடணும்?"

லென்ஸைவிடக் கேமரா எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் கணக்கு. செல்வத்தின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கிறீர்கள், குமாரின் முகம் கேமராவிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருக்கிறது, கை அதற்குக் கால் மீட்டர் முன்னால் கடக்கிறது என்று வையுங்கள். கை இருக்க வேண்டிய அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது. ஆனால் கை எங்கோ முன்னால் மிதக்கிறது என்று உறுத்தும். அதே ஆட்களைக் கேமரா நான்கு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அந்த வித்தியாசம் பதினைந்தில் ஒரு பங்குதான். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அவ்வளவு தள்ளி நின்றும் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் 85 மி.மீ. போன்ற நீண்ட லென்ஸ் தேவைப்படுகிறது. அறை சிறியது, தள்ளி நிற்க இடமில்லை என்றால் வாசலுக்கு வெளியே போய் நின்று கதவு வழியாக எடுங்கள். மொபைலில் எடுப்பவர்கள் வைட் லென்ஸை மட்டும் தொடாதீர்கள். முகம் பெரிதாகத் தெரிய அதில் கிட்டே போக வேண்டிவரும், இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும்.

"எந்த இடத்துல கட் பண்ணணும்?"

அடி படும் கணத்துக்குச் சற்று முன்பு. கை முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே முதல் ஷாட்டை விட்டு வெளியேறுங்கள். அடுத்த ஷாட் குமாரின் கிளோஸ். அதில் தலை அப்போதுதான் திரும்பத் தொடங்குகிறது. கை போய்ச் சேர்ந்த இடத்தை இரண்டு ஷாட்டிலுமே நாம் காட்டவில்லை. நடுவில் நடந்ததைப் பார்ப்பவரே தன் மனதில் முடித்துக்கொள்கிறார்.

படம் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. கட் விழுந்ததும் கண் புதிய ஷாட்டில் எங்கே பார்ப்பது என்று தேட ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். அதனால் இரண்டாவது ஷாட்டை அசைவின் அதே புள்ளியிலிருந்து தொடங்காமல், இரண்டு மூன்று ஃபிரேம் முன்னாலிருந்து தொடங்கிப் பாருங்கள். கணக்குப்படி அந்த அசைவு இருமுறை வருகிறது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் அடி கனமாகத் தெரியும். ஆறேழு ஃபிரேம் போனால் திரும்ப நடப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடிச் சத்தத்தை வைக்க வேண்டியது தலை அசையத் தொடங்கும் முதல் ஃபிரேமில். கை மறையும் இடத்தில் வைத்தால் சத்தம் முந்திக்கொண்டு, அடி பொய்யாகிவிடும். பொதுவாகச் சத்தத்தை மிகப் பெரிதாக வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அண்ணன் தம்பியை அறையும் காட்சியில் உண்மையான அறைச் சத்தம் ஒன்று போதும். என் அனுபவத்தில் சத்தம் சிறிதாக இருக்கும்போதுதான் வலி அதிகமாகத் தெரிகிறது.

இன்னொன்று: இருவரையும் சேர்க்கும் ஒரு கோட்டை மனதில் போட்டு, எல்லா ஷாட்டையும் அதன் ஒரே பக்கத்திலிருந்து எடுங்கள். கோட்டைத் தாண்டினால் இடமிருந்து வந்த கை அடுத்த ஷாட்டில் வலமிருந்து வரும். மூன்றாவது ஆள் யாரோ அடித்தது போலிருக்கும்.

"மூணாவது பீட்டுக்கு மட்டும் எத்தனை ஷாட் எடுக்கணும்?"

இரண்டு போதும். ஒன்று, குமாரின் தோளுக்கு மேலாகச் செல்வம். இதில் இரண்டாவது பீட்டிலிருந்து நான்காவது பீட் வரை தொடர்ந்து எடுங்கள். இரண்டு, குமாரின் கிளோஸ். இதற்குச் செல்வம் கையை வீசவே வேண்டியதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அவர் தன் கையைத் தட்டினால் போதும், அந்தச் சத்தத்துக்குக் குமார் தலையைத் திருப்பிக்கொள்ளலாம். கட் நமக்குத் தரும் பெரிய வசதியே இதுதான். முகம் அருகில் தெரியும் ஷாட்டில் அடிப்பவர் ஃபிரேமிலேயே இல்லை.

"கழுத்தைப் பிடிக்கிறது, முடியைப் பிடிச்சு இழுக்கிறதெல்லாம் தொட்டே ஆகணுமே?"

தொடலாம். ஆனால் விசை எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தலைகீழாக மாற்றிவிட வேண்டும்.

ஆறாவது பீட்டில் குமாரின் கைகள் செல்வத்தின் குரல்வளையைத் தொடவே கூடாது. உள்ளங்கைகள் கழுத்தெலும்பின் மேல், தோளை ஒட்டித் தட்டையாக இருக்கும். கட்டைவிரல்கள் தொண்டைக்குப் போகாமல் மற்ற விரல்களோடு சேர்ந்தே இருக்கும். செல்வம் குமாரின் மணிக்கட்டுகளைப் பற்றித் தன்னை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். குமார் தன் கைகளை வெளிப்பக்கமாக, தன்னை நோக்கி இழுக்கிறார். இருவரின் கைகளும் இறுகுகின்றன, நரம்பு புடைக்கிறது, நடுக்கம் தெரிகிறது. ஆனால் கழுத்தில் அழுத்தம் இல்லை. செல்வம் பிடியை விட்ட கணத்தில் குமாரின் கைகள் தாமாகவே விலகிப் போய்விடும். இதை ஒத்திகையில் சோதித்துப் பார்க்கலாம். செல்வம் திடீரென்று கையை விடட்டும். குமாரின் கை கழுத்திலேயே நின்றால், அவர் தவறான திசையில் அழுத்துகிறார் என்று பொருள்.

கேமராவைக் குமாரின் முதுகுப்பக்கம் வைத்து, முழங்கைகளுக்கு நடுவே செல்வத்தின் முகத்தை மட்டும் காட்டுங்கள். விரல்கள் எங்கே இருக்கின்றன என்பது தெரியாது. மூச்சு முட்டுவது செல்வத்தின் நடிப்பு. ஆனால் அவர் உண்மையில் மூச்சை அடக்கக் கூடாது. சிலர் தன்னையறியாமல் அடக்கிக்கொண்டு, கட் சொன்னதும் தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முடியைப் பிடிப்பதும் இதே முறைதான். இழுப்பவர் விரலை மூடி முஷ்டியாக்கி உச்சந்தலையில் வைக்கிறார். முடி அவர் கையில் இல்லை. பிடிபடுபவர் இரண்டு கைகளாலும் அந்த மணிக்கட்டைத் தன் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்கிறார். எங்கே போவது, எவ்வளவு வேகத்தில் போவது எல்லாம் பிடிபடுபவர் கையில். இழுப்பவர் பின்னாலேயே போகிறார்.

"சுவர்ல மோதுறது, தரையில விழுறது?"

செல்வத்தைக் குமார் தள்ளுவதில்லை. குமாரின் கைகள் நெஞ்சில் வந்து படியும், அவ்வளவுதான். பின்னால் போவது செல்வத்தின் சொந்தக் கால்களால். தாடை நெஞ்சை ஒட்டியிருக்க வேண்டும், முதுகின் மேற்பகுதி சுவரில் சாய வேண்டும், பின்தலை சுவரைத் தொடக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளும் சுவரில் தட்டினால் சத்தம் அங்கேயே கிடைத்துவிடும்.

விழும்போது எல்லோருக்கும் வரும் இயல்பு கையை ஊன்றுவது. மணிக்கட்டு அங்கேதான் போகும். முழங்காலை மடக்கித் தாழ்ந்து, கெண்டைக்காலின் பக்கம், தொடையின் பக்கம், பிட்டம் என்று சதைப்பற்றான இடங்கள் வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். முட்டி, முழங்கை, வால் எலும்பு மூன்றும் தரையைத் தொடக் கூடாது. ஏழாவது பீட்டை இரண்டாக வெட்டினால் இன்னும் எளிது. குமார் தடுமாறி ஃபிரேமுக்குக் கீழே மறைகிறார். அங்கே கேமராவுக்குத் தெரியாமல் பெட் போட்டிருக்கிறது. அடுத்த ஷாட்டில் அவர் ஏற்கெனவே தரைக்கு அரை அடி மேலே இருந்து கடைசி அசைவை மட்டும் செய்கிறார். கட்டில் விளிம்பை விழும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி வையுங்கள். கேமரா கோணம் அதை அருகில் இருப்பதுபோல் காட்டிவிடும்.

"ஒத்திகை எப்படி வைக்கிறது? ஒரு நாள் போதுமா?"

இந்த எட்டு பீட்டுக்கு நான் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் கேட்பேன். ஒரே நாளில் மூன்று மணி நேரம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். தூங்கி எழுந்த பிறகு உடம்பு நினைவில் வைத்திருப்பதுதான் உண்மையில் கற்றுக்கொண்டது.

முதல் நாள் வேகமே கிடையாது. எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருவரும் நடந்து பார்க்கிறார்கள். "மூன்று" என்றதும் கை எங்கே, கால் எங்கே, கண் எங்கே என்று நிறுத்திப் பார்க்கிறோம். இரண்டாம் நாள் கால் வேகம், பிறகு அரை வேகம். மூன்றாம் நாள் முக்கால் வேகம், படப்பிடிப்பில் போடப்போகும் அதே உடையில், அதே செருப்பில். வேட்டி கட்டிய செல்வம் பேண்ட் போட்டு ஒத்திகை பார்த்திருந்தால், அந்த இரண்டு எட்டில் கால் தடுக்கும். முழு வேகத்துக்கு நான் பெரும்பாலும் போவதில்லை. முக்கால் வேகத்தில் தெளிவாகச் செய்தது, கட் செய்த பிறகு முழு வேகமாகத்தான் தெரியும்.

அரை வேகத்தில் ஒரு சிக்கல் வரும். அடிப்பவர் மெதுவாகக் கையைக் கொண்டுவருவார். வாங்குபவர் தலையை உண்மை வேகத்தில் வெடுக்கென்று திருப்பிவிடுவார். பிறகு வேகம் கூடும்போது நேரம் பொருந்தாது. இருவரும் ஒரே வேகத்தில் இருக்கிறார்களா என்பதைத்தான் அங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டும். வேகத்தை நிர்ணயிப்பதும் வாங்குபவர்தான்.

படப்பிடிப்பு நாளில், கேமரா ஓடுவதற்கு முன்பு மொத்தச் சண்டையையும் ஒருமுறை அரை வேகத்திலும் ஒருமுறை முக்கால் வேகத்திலும் பார்க்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை. மோதிரம், வாட்ச், செயின், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். தரையில் ஒயர், மணல், சிந்திய தண்ணீர் இருக்கிறதா என்று கையால் தடவியே பாருங்கள்.

"பாதுகாப்பைப் பார்த்துக்க ஒருத்தரைப் போட்டா போதுமா? அவர் எங்க நிக்கணும்?"

கேமரா நிற்கக் கூடாது என்று மேலே சொன்னேனே, அந்தப் பக்கவாட்டு இடத்தில். மானிட்டரில் பார்க்கும் இயக்குநருக்கும் கேமராமேனுக்கும் அந்த ஒரு சாண் இடைவெளி தெரியவே தெரியாது. தெரியாதபடிதானே நாமே கேமராவை வைத்திருக்கிறோம். இடைவெளி குறைந்தாலும் அவர்களுக்குப் படம் அதேபோலத்தான் இருக்கும். குறைவது தெரியும் ஒரே இடம் பக்கவாட்டு. அங்கே ஒருவர் நின்று, ஒவ்வொரு டேக்கிலும் அந்த இடைவெளியை மட்டும் பார்க்க வேண்டும். நடிப்பு, லைட் எதுவும் அவர் கவலை இல்லை.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு காயத்துக்குப் பிறகு. ஒரு படத்தில் இதே போல் கன்னத்தில் அறையும் காட்சி. வைட் ஷாட்டில் தரை டேப் தெரிகிறது என்று உரித்துவிட்டார்கள். ஒவ்வொரு டேக்கிலும் அடிப்பவர் தன்னையறியாமல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவது டேக்கிலேயே தூரம் குறைந்தது தெரிந்தது. டேக் நன்றாகப் போகும்போது நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்காவது டேக்கில் விரல் உதட்டில் பட்டு, பல் குத்தி இரத்தம் வந்தது. மூன்று தையல். அந்த நடிகர் என்னிடம் கோபப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் கை ஓங்கினாலும் அவர் கண் தானாக மூடிக்கொண்டது. கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய இந்த வேலையில், அப்படி மூடும் கண்ணோடு அந்தச் சண்டையை முடிக்க முடியவில்லை.

அதனால் இப்போது ஒத்திகையின் முதல் நிமிடத்திலேயே ஒரு சொல்லை ஒப்புக்கொள்கிறோம்: "நிறுத்து". இயக்குநர் சொல்லும் "கட்" வேறு, இது வேறு. லைட் பாய் சொன்னாலும் இருவரும் அந்தக் கணமே கையை இறக்கிவிட வேண்டும். காரணம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். டேப் தெரிகிறது என்றால் தரையின் நிறத்திலேயே ஒட்டுங்கள், அல்லது ஒரு சின்ன மரத்துண்டை வையுங்கள். கால் தொட்டால் தெரியும்.

"நடிகர் 'உண்மையாவே ஒரு அறை அறைங்க, அப்பதான் ரியாக்‌ஷன் வரும்'ங்கிறார். கேட்கலாமா?"

வேண்டாம். அறை பட்ட கணத்தில் முகத்தில் வருவது குமாரின் வலி இல்லை. கண் சிமிட்டலும் முகச்சுளிப்பும்தான். கோபம், அவமானம், அண்ணனா இப்படிச் செய்தான் என்ற திகைப்பு எல்லாம் நான்காவது பீட்டில் வர வேண்டியவை. அவற்றை நடிகர் நிதானமாகக் கொண்டுவர வேண்டும். கன்னம் எரிந்துகொண்டிருந்தால் அது நடக்காது. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கன்னத்தில் விரல் தடம் பதிந்துவிட்டால், அதற்கு முந்தைய பீட்களை அன்று திரும்ப எடுக்க முடியாது.

அடிபட்ட சிவப்பு வேண்டுமென்றால், கிளோஸ் ஷாட்டுக்கு முன்பு மேக்கப்பில் கொண்டுவரலாம்.

"இதையே மேடையில செய்யலாமா?"

கட் இல்லாததால் எல்லாப் பார்வையாளர்களையும் ஒரே கேமராவாக நினைத்துக்கொள்ள வேண்டும். அடி வாங்குபவர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். சத்தத்தை அங்கேயே எழுப்ப வேண்டும். வாங்குபவர் தன் வயிற்றுக்கு நேராக, முதுகு மறைக்கும் இடத்தில், கையைத் தட்டிக்கொள்வார். அரங்கின் இரு ஓரங்களிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடைவெளி கொஞ்சம் தெரியத்தான் செய்யும். அதற்காகத் தூரத்தைக் குறைக்காதீர்கள். தினமும் காட்சி தொடங்குவதற்கு முன்பு சண்டையை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நாடகக் குழுக்களில் பழைய வழக்கம். நூறாவது காட்சியிலும் அது உண்டு.

"எப்போ ஸ்டண்ட் மாஸ்டரைக் கூப்பிட்டே ஆகணும்?"

இடுப்பு உயரத்துக்கு மேலிருந்து விழுவது, படிக்கட்டு, தண்ணீர், நெருப்பு, கயிறு, வண்டி, கண்ணாடி, எந்த ஆயுதமாக இருந்தாலும். ரப்பர் கத்தியும் கண்ணில் பட்டால் கத்திதான். துப்பாக்கியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1993-இல் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பில் இறந்தது, முன்பு போட்ட பொய்த் தோட்டாவின் முனை குழலுக்குள்ளேயே தங்கியிருந்து, பிறகு வெடித்த வெற்றுத் தோட்டா அதை வெளியே தள்ளியதால். 2021-இல் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தது ஒத்திகையின்போது. பொம்மைத் துப்பாக்கி, எடிட்டில் சேர்க்கும் ஒளி, சத்தம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஸ்டண்ட் கலைஞர்களுக்குத் தனிச் சங்கமே இருக்கிறது. முழுச் சண்டையையும் கம்போஸ் செய்யப் பணமில்லை என்றால், அனுபவமுள்ள ஒரு ஃபைட்டரை அரை நாளுக்கு அழைத்து உங்கள் பீட் ஷீட்டைக் காட்டுங்கள். தாள் தெளிவாக இருந்தால் எந்த பீட்டை உங்கள் நடிகரே செய்யலாம், எதற்கு டூப் வேண்டும், எதைக் கட் வைத்துத் தவிர்க்கலாம் என்று அவர் அந்த அரை நாளிலேயே குறித்துக் கொடுத்துவிடுவார்.